கூண்டுக்கோழிக்காக வாதிடும்போது செய்யும் தவறுகள்

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் ஒரு கோழிக்குச் சுமார் 450 சதுர சென்டிமீட்டர் இடம் தரும் கம்பிக் கூண்டுகள் பரவலாக உண்டு. ஒரு ஏ4 தாள் 624 சதுர சென்டிமீட்டர். இந்தக் கூண்டுகளை எதிர்ப்பவர்கள் எடுக்கும் வாதம் மூன்று படிகளில் நடக்கிறது: கோழிக்குத் துன்பம் தெரியும்; கூண்டு அதற்குக் கடும் துன்பம் தருகிறது; முட்டை மலிவாகக் கிடைப்பது அந்தத் துன்பத்துக்கு ஈடாகாது. மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் தவறுவது இந்தப் படிகளில்தான்.

முதல் படியில் "கோழியும் மனுசனும் ஒண்ணா?" என்ற கேள்வி வரும். ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். வாதத்துக்கு அது தேவையே இல்லை. 1789இல் வெளியான தன் நூலின் ஓர் அடிக்குறிப்பில் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் கேட்டது, விலங்கால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல, அதனால் துன்பப்பட முடியுமா என்பதுதான். ஒரே அளவு வலி யாருக்கு வந்தாலும் கணக்கில் ஒரே எடை பெற வேண்டும் என்பதே இதன் பொருள். கோழிக்கு வாக்குரிமை வேண்டும் என்றோ, கோழியின் உயிரும் குழந்தையின் உயிரும் சமம் என்றோ இதிலிருந்து வராது. அறிவைத்தான் அளவுகோலாக வைப்பேன் என்பவர், பிறந்த குழந்தையின் வலியை ஏன் எண்ணுகிறார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அதிகம் சறுக்குவது இரண்டாம் படியில். பண்ணைக்காரர் சொல்வார்: "கஷ்டப்பட்டா முட்டை விடுமா?" விடும். தினம் 16 மணி நேர வெளிச்சமும் போதுமான தீவனமும் கிடைத்தால், அதற்கென்றே இனப்பெருக்கம் செய்யப்பட்ட கோழியின் ஹார்மோன்கள் முட்டையை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில், கோழி தீவனம் எடுக்காத நேரத்தில் உருவாவதால், அதில் ஒரு பங்கு எலும்பிலிருந்து உருவப்படுகிறது. வருடத்துக்கு 300 முட்டை என்னும்போது எலும்பு நொறுங்கத் தொடங்குகிறது. உற்பத்தி ஏறுவதைக் கோழியின் நலத்துக்குச் சான்றாகக் காட்டுவது அதனால் தவறு.

நம் கண்ணை மட்டும் நம்புவதும் அதே அளவு தவறு. 1965இல் பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலனை ஆராய அரசு அமைத்த பிராம்பெல் குழு, மெல்லிய அறுகோணக் கம்பி வலை கோழியின் காலுக்கு ஆகாது என்று கருதி அதைத் தரையாகப் போடக்கூடாது என்றது. 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டபோது, அவை தடித்த கம்பியைவிட அந்த மெல்லிய வலையில் நிற்பதையே விரும்பின. படத்தைப் பார்த்துப் பதறுவது சான்றாகாது. கோழி எதற்காகப் பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கூண்டுக்கு எதிரான சான்று பலமாகிறது. முட்டையிடுவதற்குச் சற்று முன் கோழி மறைவான இடம் தேடும். கூடு இருக்கும் இடத்துக்குப் போகக் கனமான கதவைத் தள்ள வேண்டுமென்றால், சில மணி நேரம் தீவனமில்லாத கோழி தீவனத்துக்காகப் பாடுபடும் அளவுக்குப் பாடுபட்டுத் தள்ளுகிறது. "கூண்டிலேயே வளர்ந்ததுக்கு வேறென்ன தெரியும்?" என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. கூட்டையே பார்த்திராத கோழியும் அந்த நேரம் வந்தால் கூண்டுக்குள் முன்னும் பின்னும் அலைகிறது. மண்ணையே அறியாத கோழியும் வெறுங்கம்பியில் படுத்து மண்குளியலின் அசைவுகளைச் செய்கிறது. அந்த உந்துதல் பழக்கத்தால் வந்ததல்ல. இடக் கணக்கும் இதையே சொல்கிறது: சாதாரணக் கோழி தாராளமாகத் திரும்ப 450 சதுர சென்டிமீட்டரைவிட அதிக இடமும், இறக்கையடிக்க 860க்கு மேலும் தேவை என்று அளந்திருக்கிறார்கள். 450இல் நெருக்கியடித்துத் திரும்பலாம், பக்கத்துக் கோழியின் இடத்தை எடுத்துக்கொண்டு.

மூன்றாம் படியில், கூண்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கூண்டை 2012 ஜனவரி 1 முதல் தடைசெய்து, கூடும் பரணும் உள்ள, கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் தரும் கூண்டை அனுமதித்தது. முழுக்கத் திறந்த கொட்டகையிலோ, பரணிலிருந்து இறங்கும்போது மோதி மார்பெலும்பு முறிவது அதிகம்; ஒன்றையொன்று கொத்துவதும் பரவும். இதை மறைத்தால் எதிராளி முதலில் காட்டுவது இதைத்தான். வெறுங்கூண்டில் ஏற்படும் இழப்புகளுக்குத் தீர்வே கிடையாது, கொட்டகையில் ஏற்படுபவற்றைப் பரணின் உயரமும் சாய்தளமும் கோழி இனமும் மாற்றிக் குறைக்கலாம் என்று ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பொரித்த அன்றே கொல்லப்படும் சேவல் குஞ்சுகளை இந்த வாதத்தில் சேர்த்துக் குழப்பாதீர்கள். முட்டைக்கான இனத்தில் சேவலால் பயனில்லை என்பதால் அவற்றை அழிக்கிறார்கள். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடைசெய்தது. அந்தச் சாவு நொடியில் முடிந்தால், துன்பத்தின் கணக்கில் அது மிகச் சிறியது. அது தவறு என்று காட்ட, உயிருக்கே மதிப்புண்டு என்ற வேறொரு வாதம் வேண்டும், அதற்கு வேறு நியாயங்களும் வேண்டும்.