எட்டு கூடை போதாது: வெற்றிச் சதவீதக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடைப்பந்தாட்டத்தில் ஒருவர் இதுவரை 50 ஃப்ரீ த்ரோ எறிந்து 30 கூடை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதத்தில் நிற்கும் அவர் அதை 75 ஆக்க விரும்புகிறார். இன்னும் எத்தனை கூடை வேண்டும் என்று கேட்டால், 50இல் 75 சதவீதம் 37.5, ஆகவே இன்னும் 8 போட்டால் போதும் என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 8 எறிதல்களும் கூடையில் விழுந்தாலும் கணக்கு 58க்கு 38 ஆகுமே தவிர 50க்கு 38 ஆகாது; சதவீதம் 65.5இல்தான் நிற்கும். ஒவ்வொரு எறிதலும் மேலே உள்ள எண்ணோடு கீழே உள்ள எண்ணையும் கூட்டுகிறது என்பதை மறப்பதே இங்கே அடிப்படைத் தவறு.

கூடைகளை விட்டுவிட்டுத் தவறிய எறிதல்களை எண்ணினால் கணக்கு எளிதாகிவிடும். இனி ஒன்றும் தவறாது என்றால், தவறியவை 20 என்பது மாறப்போவதில்லை. அந்த 20 மொத்தத்தில் 25 சதவீதமாக வேண்டுமானால் மொத்தம் 80 ஆக வேண்டும். ஆகவே தொடர்ந்து 30 கூடை தேவை. இலக்கு 90 என்றால் அதே 20 வெறும் 10 சதவீதமாகச் சுருங்க வேண்டும், மொத்தம் 200 ஆக வேண்டும், தொடர்ந்து 150 போட வேண்டும். இலக்கு 15 புள்ளி உயர்ந்ததற்கு உழைப்பு ஐந்து மடங்காகிறது.

ஒன்றுகூடத் தவறாது என்று வைத்துக்கொள்வதும் பிழைதான். இனிமேல் 80 சதவீதம் போடுகிறவருக்கு 75ஐத் தொட 150 எறிதல்கள் பிடிக்கும்: அவற்றில் 120 கூடையானால் 200க்கு 150. இனிமேல் சரியாக 75 சதவீதமே போடுகிறவர் 75ஐ நெருங்கிக்கொண்டே இருப்பார், தொடமாட்டார்.

தசமத்தை முழுமையாக்குவதிலும் கவனம் வேண்டும். 1941 பேஸ்பால் பருவத்தின் கடைசி நாள் காலையில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 448 முறை மட்டை பிடித்து 179 ஹிட் அடித்திருந்தார். சராசரி .39955, மூன்று இலக்கத்தில் எழுதினால் .400. (எறிபவர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீசியதால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகும் ‘வாக்’ இந்த 448இல் சேராது, அதையும் வகுக்கும் எண்ணில் சேர்ப்பது இன்னொரு வழக்கமான பிழை.) உண்மையான .400க்கு அவருக்கு ஒரே ஒரு ஹிட் குறைந்தது: 180/449 என்பது .4009. அன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் ஏட்டில் .400 என்றே பதிவாகியிருக்கும். அவரோ அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 முறையில் 6 ஹிட் அடித்து, 456க்கு 185 என்று .406இல் பருவத்தை முடித்தார்.