அரைத்தூக்கத்தில் நகரும் ஸ்டாப் லாஸ்: களைப்போடு டிரேடிங் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் கச்சா எண்ணெய், காலையில் நிஃப்டி என்று இரண்டு சந்தைகளிலும் வர்த்தகம் செய்பவர்களின் நாள் மிக நீளமானது. அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் எம்.சி.எக்ஸ். பண்டச் சந்தை இரவு 11.55 வரை நடக்கிறது; மறுநாள் காலை 9.15 மணிக்குப் பங்குச் சந்தை திறந்துவிடுகிறது. இடைவெளி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் நட்டத்தோடு கணினியை விட்டு எழுந்தவருக்கு உடனே உறக்கம் வருவதில்லை. ஒரு மணிக்குக் கண்ணயர்ந்து ஆறரைக்கு எழுந்தால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்தான்.

அப்படிப்பட்ட ஒருவரின் புதன்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். அவரது முதலீடு 4 லட்சம் ரூபாய். ஒரு வர்த்தகத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்பது அவர் தனக்கு வகுத்துக்கொண்ட விதி. கச்சா எண்ணெய் மினியில் ஒரு லாட் 10 பேரல் என்பதால், 5 லாட் வாங்கினால் விலை ஒரு ரூபாய் நகரும்போது அவருக்கு 50 ரூபாய் வித்தியாசம் வரும். 6,140-இல் வாங்கி, 40 ரூபாய் கீழே 6,100-இல், விலை அங்கே இறங்கினால் விற்று வெளியேறும்படி ஸ்டாப் லாஸ் வைத்தார். கணக்கு சரியாக 2,000 ரூபாய். அமெரிக்க எண்ணெய் இருப்பு அறிக்கை இந்த மாதங்களில் புதன் இரவு 9 மணிக்கு வரும். அறிக்கை வந்ததும் விலை 6,105-க்கு இறங்கியது. காலை ஆறரையிலிருந்து விழித்திருக்கும் அவர், ஸ்டாப் லாஸை 6,070-க்கு இறக்கினார். கூடவே "ஆவரேஜ் செய்கிறேன்" என்று 6,105-இல் இன்னும் 5 லாட் வாங்கினார். இப்போது சராசரி விலை 6,122.50, கையில் 100 பேரல். விலை 6,070-ஐத் தொட்டபோது நட்டம் 5,250 ரூபாய். விதி அனுமதித்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இதைப் பேராசை என்றோ, ஒழுக்கமின்மை என்றோ சொல்லி முடிப்பது முதல் தவறு என்று நான் கருதுகிறேன். அவர் விதியை மறக்கவில்லை. அந்த நேரத்தில் 2,000 ரூபாய் நட்டம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, விலை திரும்பினால் கிடைக்கும் ஆதாயம்தான் பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதே சாய்வைக் காட்டியது. ஓர் இரவு முழுவதும் உறங்காதவர்கள், இழப்பைக் குறைக்கும் வழியை விட்டுவிட்டு, ஆதாயத்தைக் கூட்டும் வழியை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களது மூளையில் இழப்புக்கு எழும் எதிர்வினையும் மங்கியிருந்தது. அரைகுறைத் தூக்கம் முழு இரவு விழிப்புக்குச் சமமல்ல. எனினும் சாய்வு எந்தப் பக்கம் என்பது டிரேடருக்கு முக்கியம். ஸ்டாப் லாஸ் என்பது இழப்பின் வலியை முன்கூட்டியே மதிப்பிட்டு வைக்கும் கோடு. வலி மங்கியவருக்கு அந்தக் கோடு வெறும் எண்ணாகத் தெரிகிறது.

இரண்டாவது தவறு, "எனக்குத் தூக்கக் கலக்கம் இல்லை, நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று தன் உணர்வையே அளவுகோலாகக் கொள்வது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 14 இரவுகள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனத்திறன் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓரிரு இரவுகள் முழுதும் விழித்திருந்தவர்களின் நிலையை எட்டியது. ஆனால் தங்களுக்கு எவ்வளவு உறக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்ன மதிப்பீடு அந்த அளவுக்குக் கூடவில்லை. அதாவது, கவனம் குறைவதை உணரவேண்டிய திறனே குறைந்துவிடுகிறது. காலையில் குடிக்கும் காபி இந்த மயக்கத்தை இன்னும் மறைக்கும்: கண் விழித்திருக்கும், ஆனால் இழந்த தூக்கம் திரும்ப வந்துவிடாது.

மறுநாள் காலைக்கு வருவோம். அதே நபர் நிஃப்டியின் 15 நிமிடச் சார்ட்டைப் பார்க்கிறார். மணி 10.41. 10.30-இல் தொடங்கிய கேண்டில் கீழே நீண்ட வால் விட்டு, மேலே சிறிய உடலோடு, விலை இனி ஏறும் என்பதற்கு அடையாளமாகக் கருதப்படும் ஹேமர் போல அச்சு அசலாகத் தெரிகிறது. அவர் வாங்கிவிடுகிறார். ஆனால் அந்தக் கேண்டில் முடிய இன்னும் நான்கு நிமிடங்கள் இருந்தன. 10.45-க்கு அது தன் அடிமட்டத்திலேயே முடிந்தது. ஹேமர் என்று ஒன்று அங்கே இருக்கவேயில்லை. ஓய்வெடுத்த கண் கேண்டில் முடியட்டும் என்று காத்திருக்கும். களைத்த மனத்துக்குக் காத்திருப்பதே பெரும் வேலையாக இருப்பதால், பாதி உருவத்தை முழுமையாக்கிக்கொண்டு முடிவெடுத்து விடுகிறது. இதோடு சேர்ந்து வருவது கால அளவை மாற்றும் பழக்கம். 15 நிமிடச் சார்ட்டில் எடுத்த வர்த்தகம் எதிராகப் போனதும் 5 நிமிடத்துக்கும், பிறகு 1 நிமிடத்துக்கும் போய், எங்காவது ஒரு பச்சைக் கேண்டிலைக் கண்டு ஆறுதல் அடைவது. ஒரு வர்த்தகத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் கால அளவை மாற்றியிருந்தால், அப்போது சார்ட்டை வாசிக்கவில்லை, சாக்குத் தேடிக்கொண்டிருந்தோம் என்றே பொருள்.

மன அழுத்தம் வேறு திசையில் இழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் டிரேடர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், அவர்களது லாபநட்டம் எவ்வளவு ஏறி இறங்கியதோ அதற்கேற்பக் கார்ட்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பும் உயர்ந்தது. அந்தச் சுரப்பை எட்டு நாட்கள் செயற்கையாக உயர்த்திப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பங்கேற்றவர்கள் ரிஸ்க் எடுக்க அதிகம் தயங்கினார்கள். எனவே, பல நாள் நட்டத்தில் தவிப்பவர் லாபத்தில் இருக்கும் வர்த்தகத்தைப் பயந்து சீக்கிரமே மூடுவதும், தூக்கமில்லாத இரவில் நட்டத்தில் இருப்பதை நீட்டுவதும் ஒரே ஆளிடம் நடக்கக்கூடும். சிறிய லாபம், பெரிய நட்டம் என்று கணக்கு கரைவது இப்படித்தான்.

முடிவெடுத்து முடிவெடுத்துச் சோர்வதைப் பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும். மன உறுதி எரிபொருள் போலத் தீர்ந்துவிடும் என்ற பழைய கருத்து, 2016-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது நிலைபெறவில்லை. ஆனால் பங்கு ஆய்வாளர்களைப் பற்றிய 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒரே நாளில் அதிகக் கணிப்புகள் வெளியிடும்போது பிந்தியவற்றின் துல்லியம் குறைவதையும், அவர்கள் பிறர் சொன்னதையோ தாங்கள் முன்பு சொன்னதையோ ஒட்டியே போவதையும் காட்டியது. பதினைந்தாவது வர்த்தகத்தில் டெலிகிராம் குழுவின் டிப்பைப் பார்த்து வாங்குவதும் இந்த வகைதான்.

ஆகவே முடிவைக் களைத்த நேரத்திடம் விடக்கூடாது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கினால் பாதி லாட். ஐந்துக்குக் குறைந்தால் அன்று வர்த்தகம் இல்லை. இந்த எல்லைகள் என் தேர்வு. உங்கள் எல்லை வேறாக இருக்கலாம், ஆனால் அது முந்தைய நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்டாப் லாஸை மனத்தில் வைக்காமல், வாங்கியவுடன் ஆர்டராகவே போட்டுவிட வேண்டும்; அதை லாபப் பக்கம் மட்டுமே நகர்த்தலாம். அன்றைய நட்ட எல்லையைத் தொட்டால், உங்கள் புரோக்கர் செயலியில் வர்த்தகத்தையே முடக்கிவைக்கும் கில் ஸ்விட்ச் வசதி இருந்தால் அதை அழுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். புதன் இரவு எண்ணெய் அறிக்கையில் வர்த்தகம் செய்தவர், வியாழன் காலை முதல் ஒரு மணி நேரத்தைக் கைவிடுவது நல்லது.

இவை உங்களுக்குப் பொருந்துமா என்று அறிய, டிரேடிங் குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள்: முந்தைய இரவு உறங்கிய நேரம், அது அன்றைய எத்தனையாவது வர்த்தகம், ஸ்டாப் லாஸ் எதிர்த்திசையில் நகர்ந்ததா இல்லையா. லாபநட்டத்தைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. விதியை மீறிய வர்த்தகமும் சில நாள் லாபம் தந்துவிடும். அறுபது, எழுபது வர்த்தகங்கள் சேர்ந்தபின் மூன்றாவது கட்டத்தில் "ஆம்" என்று இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, அவற்றின் எதிரே உறங்கிய நேரம் எத்தனை என்று பாருங்கள்.