அதிபருக்கு அனுப்பும் ஆய்வு மின்னஞ்சல்: எங்கே பிழைக்கிறது?

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வு என்றால் வன்னியில் பலருக்கு முதலில் தோன்றுவது பாடசாலைதான். வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்தோ கிளம்பினால் மாங்குளம், மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் என்று வழி நெடுகப் பாடசாலைகள். அதிபருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பதில் வராவிட்டால் அதிபர் ஒத்துழைக்கவில்லை என்று குறை. ஆனால் அந்த மின்னஞ்சலை ஓர் அதிபரின் கண்ணால் வாசித்துப் பார்த்தால், 'சரி' சொல்ல அதில் ஒன்றுமே இல்லை என்பது தெரியும்.

ஓர் உதாரணத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம். தரம் 10 மாணவர்கள் பாடசாலைக்கு எப்படி வந்து போகிறார்கள், தூரம் அவர்களின் வரவைப் பாதிக்கிறதா என்பது ஆய்வு. ஆறு கிராமப் பாடசாலைகள், 32 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து. அனுப்பப்படும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எமது ஆய்வுக்குத் தங்கள் மாணவர்களின் பத்து நிமிடங்கள் மாத்திரமே தேவைப்படும். தகவல்கள் யாவும் இரகசியமாகப் பேணப்படும். இவ்வாய்வின் மூலம் தங்கள் மாணவர்கள் பெரும் பயனடைவர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." மூன்று வசனங்கள். மூன்றிலும் பிழை.

அதற்கு முன் ஒரு சின்ன விடயம். பலர் கடிதத்தைப் பாமினி எழுத்துருவில் தட்டி, வேர்ட் கோப்பாக இணைத்துவிடுகிறார்கள். அதிபரோ அதைக் கைத்தொலைபேசியில் திறக்கிறார். 'அதிபர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் mjpgh; என்று தெரிகிறது. அதோடு அந்தக் கடிதம் முடிந்தது. யுனிகோடில் எழுதுங்கள், முக்கியமான விடயத்தை மின்னஞ்சலின் உடலிலேயே வையுங்கள், இணைப்பை PDF ஆக்குங்கள். வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் அதுதான் முதல் இணைப்பு. மாகாணப் பாடசாலையின் அதிபர் தனியாக முடிவெடுத்து வெளியாரை வகுப்புக்குள் விடமாட்டார், விடவும் கூடாது. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சின் பக்கம் போக வேண்டியிருக்கும். வலயத்தில் கேட்காமல் அதிபரிடம் நேரே கேட்பது, அவரை 'இல்லை' சொல்ல வைக்கும் இலகுவான வழி.

இனி அந்தப் பத்து நிமிடம். பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வகுப்புக்குள் போய், பாட ஆசிரியரிடம் சொல்லி, பிள்ளைகளை இருத்தித் தாள் கொடுக்கவே ஐந்து நிமிடம். விருப்பமில்லாவிட்டால் நிரப்பத் தேவையில்லை என்பதை விளங்கப்படுத்த இன்னொரு ஐந்து. 32 கேள்விகளைக் கெட்டிக்காரப் பிள்ளை பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடும், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு இருபத்தைந்தும் போதாது. தாள்களை வாங்கி வெளியே வரும்போது மணி அடித்துவிடும். எனவே உண்மையான கணக்கு ஒரு முழுப் பாடவேளை. அதை அப்படியே எழுதுங்கள். பத்து நிமிடம் என்று சொல்லி நாற்பது நிமிடம் எடுத்தால் அந்த அதிபர் அடுத்த ஆண்டு வருகிற ஆய்வாளருக்கும் கதவைத் திறக்கமாட்டார். நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கேள்விகளைக் குறையுங்கள். அனுப்புவதற்கு முன் தெரிந்த நான்கைந்து தரம் 10 பிள்ளைகளிடம் கொடுத்து, கடைசியாக முடித்த பிள்ளைக்கு எத்தனை நிமிடம் போனது என்று பாருங்கள். சராசரி இங்கே உதவாது, வகுப்பில் எல்லோரும் முடித்தால்தான் நீங்கள் வெளியே வர முடியும்.

எந்தப் பாடவேளை என்பதும் முக்கியம், அதுவும் இந்த ஆய்வில். "காலையில் முதல் பாடவேளையைத் தந்தால் வசதி" என்று கேட்கிறவர்கள், தூரத்திலிருந்து வந்து பிந்தும் பிள்ளைகளைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள். பஸ் பிந்தினால் அந்தப் பிள்ளை முதல் பாடவேளையில் வகுப்பில் இராது. கடைசிப் பாடவேளையிலும் ஒரே பஸ்ஸை நம்பியிருக்கும் பிள்ளையின் மனம் வாசலில்தான் இருக்கும். இடைவேளைக்கு முன்னால் மூன்றாம், நான்காம் பாடவேளையைக் கேளுங்கள், காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அன்று வராத பிள்ளைகளுக்காக இன்னொரு நாள் வர அனுமதி வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். வரவு பற்றிய ஆய்வில் வராதவர்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தையும் தவணைப் பரீட்சைக்கு முந்திய கிழமைகளையும் நீங்களாகவே தவிர்த்து, இரண்டு மூன்று திகதிகளைக் கொடுத்தால் அதிபர் ஒன்றைத் தெரிவு செய்வார்.

"தகவல்கள் இரகசியமாகப் பேணப்படும்" என்பதுதான் மூன்றிலும் மோசமான வசனம். பொய் என்பதால் அல்ல, அதில் ஒன்றும் இல்லாததால். யார் தாளைப் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள், யாருக்குக் கொடுக்கமாட்டார்கள்? வன்னியில் இந்தக் கேள்விகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. பெயர், முகவரி, குடும்ப விபரம் எழுதிக் கொடுப்பதென்றால் 'இது யாருடைய கைக்குப் போகும்' என்று யோசிக்கிற வீடுகள் இங்கே இன்னும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பற்றிய தரவை விசேட வகையாகத்தான் பார்க்கிறது.

அடுத்து, 'பெயர் கேட்கமாட்டோம், ஆகவே யாரென்று தெரியாது' என்று எழுதுவது. நகரத்துப் பெரிய பாடசாலையில் இது ஓரளவு உண்மையாக இருக்கலாம். கிராமத்துப் பாடசாலையில் தரம் 10 இல் 14 பிள்ளைகள், அதில் ஐந்து பேர் பெண்கள். வினாக்கொத்தில் பால், கிராம அலுவலர் பிரிவு, வீட்டிலிருந்து தூரம், வயது என்று கேட்டால், ஏழு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து சைக்கிளில் வருகிற பெண்பிள்ளை ஒருத்திதான் இருப்பாள். அவள் யாரென்று வகுப்பாசிரியருக்கு மட்டுமா, முழுப் பாடசாலைக்கும் தெரியும். பிறகு பெயர் எழுதாமல் விட்டு என்ன பலன்? கிராமத்தைக் கேட்காதீர்கள், தூரத்தை மட்டும் இரண்டு கிலோமீற்றருக்குள், இரண்டு முதல் ஐந்து, ஐந்துக்கு மேல் என்று பிரித்துக் கேளுங்கள். சேர்விலக்கம் வேண்டவே வேண்டாம். நிரப்பிய தாளைப் பிள்ளையே மடித்து உறைக்குள் போடட்டும், ஆசிரியர் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. அறிக்கையில் பாடசாலையின் பெயர் வராது, ஆறு பாடசாலைகளையும் சேர்த்தே எழுதுவோம் என்றும் சொல்லுங்கள். இதெல்லாம் மின்னஞ்சலில் நாலைந்து வரிதான் பிடிக்கும்.

வினாக்கொத்தை இணைக்காமல் அனுமதி கேட்பது இன்னொரு பிழை. அனுபவமுள்ள அதிபர் முதலில் திறப்பது அதைத்தான், தேடுவது ஒரு கேள்வியை: "தந்தையின் தொழில்". வேறெங்கோ எழுதப்பட்ட வினாக்கொத்திலிருந்து பழக்கத்தில் எடுத்து ஒட்டிய கேள்வி அது. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் வகுப்பு என்றாலும், அப்பா இல்லாத வீடு, அம்மம்மாவோடு வளர்கிற வீடு, அம்மா வெளிநாட்டில் இருக்கிற வீடு எல்லாம் அந்த வகுப்பில் உண்டு. பேனையைப் பிடித்தபடி அந்த வரியில் நின்றுவிடுகிற பிள்ளையைப் பிறகு ஆசிரியர்தான் பார்க்க வேண்டும். பஸ் பற்றிய ஆய்வுக்குத் தந்தையின் தொழில் எதற்கு? எடுத்துவிடுங்கள். சம்மதக் கடிதத்திலும் 'பெற்றோர் / பாதுகாவலர்' என்று இருக்கட்டும். அம்மம்மாவின் கையொப்பத்துக்கும் இடம் வேண்டும்.

கடைசியாக அந்தப் 'பெரும் பயன்'. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கே படிவம் கொண்டு வந்தவர்களில் கணிசமானோர் வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் வாழ்வாதாரத்துக்கும் பதிவெடுக்க வந்தவர்கள். ஆகவே படிவம் நிரப்பினால் ஏதோ கிடைக்கும் என்ற கணக்கு மக்கள் மனதில் இருக்கிறது. வினாக்கொத்தில் "உம்மிடம் சைக்கிள் உண்டா?" என்று ஒரு கேள்வி. பிள்ளை வீட்டுக்குப் போய் "சைக்கிள் குடுக்கப்போகினமாம், பதிஞ்சவை" என்று சொல்லும். அடுத்த மாதம் அதிபரின் வாசலில் தாய்மார் வந்து நிற்பார்கள், நீங்கள் அப்போது பட்டமளிப்புக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 'உதவி எதுவும் வழங்கப்படாது' என்ற வரியை மின்னஞ்சலிலும் எழுதி, வகுப்பிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்படியானால் என்ன பயனைச் சொல்வது? உங்களால் செய்யக்கூடியதை மட்டும். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம், எந்த மாதத்துக்குள் என்பதோடு. அதோடு, அந்தப் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் ஐந்து கிலோமீற்றருக்கு மேலிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் முதல் பாடவேளைக்குப் பிந்துகிறார்கள் என்ற மொத்த எண்ணிக்கைகளை அதிபருக்கு மட்டும் தனித்தாளாகக் கொடுக்கலாம். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டுக் கடிதம் எழுதும்போது அவருக்கு அது கைகொடுக்கும். ஆண், பெண் என்றோ வயது என்றோ அதை மேலும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மேலே கொடுத்த வாக்கு உடைந்துவிடும்.

இவ்வளவையும் சேர்த்தால் மின்னஞ்சலின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி வரும்:

"தரம் 10 மாணவர்கள் பாடசாலைக்கு வந்து போகும் விதம் பற்றி 20 கேள்விகள் கொண்ட வினாக்கொத்தொன்றை நிரப்பிப் பெற அனுமதி கோருகிறேன். வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம், வினாக்கொத்து, சம்மதக் கடிதம் மூன்றையும் இணைத்துள்ளேன். ஒரு முழுப் பாடவேளை தேவைப்படும். பிந்தி வரும் மாணவர்களும் இருக்க வேண்டுமென்பதால் மூன்றாம் அல்லது நான்காம் பாடவேளை பொருத்தம். அன்று வராதவர்களுக்காக இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். பெயர், சேர்விலக்கம், கிராமம், குடும்ப விபரம் கேட்கப்படாது. பாதுகாவலர் சம்மதித்த, தாமும் விரும்பும் மாணவர்கள் மட்டும் நிரப்பலாம். தாள்களை நானும் எனது மேற்பார்வையாளரும் மட்டுமே பார்ப்போம். ஆய்வு மதிப்பீடு முடிந்ததும் அவை அழிக்கப்படும். அறிக்கையில் பாடசாலையின் பெயர் இடம்பெறாது. இந்த ஆய்வினால் மாணவர்களுக்கு எந்த உதவிப் பொருளும் கிடைக்காது. இரண்டு பக்கச் சுருக்கத்தை நவம்பர் முடிவுக்குள் தங்களிடம் நேரில் தருவேன்."

தலைப்பு வரியில் 'அனுமதி கோரல்' என்று மட்டும் போடாமல் தரம், நேரம், மாதம் மூன்றையும் போடுங்கள்: "தரம் 10 வினாக்கொத்து, ஒரு பாடவேளை, ஜூன்: அனுமதி கோரல்". ஒரு கிழமையில் பதில் வராவிட்டால் பாடசாலை விட்ட பிறகு அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பல பாடசாலைகளில் மின்னஞ்சலைத் திறப்பவர் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், அவர் அச்சிட்டுக் கொடுத்தால்தான் அதிபர் பார்ப்பார். அதிபர் மறுத்தால் காரணம் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் போடாமல், நன்றி சொல்லிவிட்டு ஏழாவது பாடசாலையைத் தேடுங்கள்.