பிளேசரின் அமைப்பை எழுதிக் கொடுக்கும்போது நேரும் பிழைகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் கல்யாண வரவேற்புக்குப் பிளேசர் தைப்பவர்களில் சிலர், சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய பிளேசரைப் பார்த்து ஒரு தாளில் குறிப்பெழுதித் தையற்காரரிடம் கொடுப்பதுண்டு. "மூன்று பொத்தான், கேன்வாஸ், தோளில் பேட்" என்று எழுதிய ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றும் உண்மையாக இருந்தும் மாமாவின் பிளேசர் கிடைக்காமல் போகலாம்.

முதற்பிழை, பொத்தான்களை எண்ணுவதோடு நிறுத்திவிடுவது. மூன்று பொத்தான் உள்ள பிளேசர்கள் சிலவற்றில் மேல்பொத்தானைப் போடுவதே இல்லை. நெஞ்சின் இருபுறமும் வெளிப்பக்கமாக மடிந்து கிடக்கும் முன்மடலான லேபல், நடுப்பொத்தானுக்குச் சற்று மேலிருந்தே வளைந்து புரண்டு, மேல்துளையைத் தன் மடிப்புக்குள் இழுத்துக்கொள்கிறது. நடுப்பொத்தானை மட்டும் போட்டுப் பார்த்தால் மேல்துளை லேபலின் புரண்ட பக்கத்தில் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டால் தையற்காரர் மேல்பொத்தானையே பூட்டும் இடமாகக் கொள்வார். பொத்தான்களின் இடைவெளி ஏறத்தாழ 10 செ.மீ. என்பதால் முன்கழுத்துத் திறப்பு அவ்வளவு மேலேறி, லேபல் குட்டையாகி, நெஞ்சு மூடிய கோட்டு போலாகிவிடும். ஆகவே கழுத்தும் தோள்தையலும் சேரும் இடத்திலிருந்து பூட்டும் பொத்தான் வரை நேராக அளந்து, அந்த அளவையே எழுத வேண்டும்.

அடுத்தது, லேபலின் வளைவை வெறும் மடிப்பாக எழுதுவது. நல்ல வளைவு, வெளித்துணிக்கும் உள்துணிக்கும் இடையே வைத்துத் தைத்த கேன்வாஸ் என்ற விறைப்புத் துணியையும் லேபலின் உட்புறத்தில் துணியைச் சற்று வளைத்துப் பிடித்தபடி போட்ட சிறு தையல்களையும் சார்ந்தது. இஸ்திரியால் அழுத்திய கூர்மடிப்பு அதற்கு ஈடாகாது. பசை ஒட்டிய துணியையும் கடைகளில் கேன்வாஸ் என்றே சொல்வதால், அந்த ஒரு சொல்லை நம்ப வேண்டாம். கீழ்ப்பொத்தான் துளைக்குக் கீழே வெளித்துணியையும் உள்துணியையும் விரல்களால் தனித்தனியே பிடித்து இழுத்தால், இடையே தளர்வாக ஒரு மூன்றாவது அடுக்கு நழுவுவது முழுக் கேன்வாஸுக்கு அடையாளம். அங்கே ஏதும் நழுவாவிட்டால், உடனே எல்லாம் பசைதான் என்று எழுதிவிடக் கூடாது. அரைக் கேன்வாஸ் நெஞ்சுப் பகுதியோடு நின்றுவிடும் என்பதால் லேபலுக்கு அருகிலும் சோதிக்க வேண்டும். மெல்லிய துணியில் இது எளிது. கனத்த கம்பளித் துணியில் விரல் ஏமாற்றும். பசை விட்டுக் குமிழ் எழுந்த பிளேசரைப் பழையபடி ஆக்குவது கடினம். கேன்வாஸ் லேபலோ தட்டையாக அழுந்தினாலும் நீராவி காட்டிக் கையால் புரட்டினால் பெரும்பாலும் மீளும்.

தோளில் ஒரு குழப்பம்: கையின் உச்சி கயிறு போல் புடைத்திருந்தால் பேட் தடிமன் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் புடைப்பு கையின் தலைப்பில் வைக்கும் தனிப்பட்டையாலும் தையலாலும் வருவது. பேட் தோள்தையலின் கீழே இருக்கிறது. தோள் நுனியை மேலும் கீழுமாக அழுத்தித் தடிமனை மதிப்பிட்டு, அணிபவரின் தோள் சரிந்ததா நேரானதா என்பதையும் உடன் எழுத வேண்டும். பேட் வைக்கும் கணக்கில் வெட்டிய பிளேசரில் அதை மட்டும் எடுக்கச் சொன்னால் தோளின் கீழே சாய்வாகத் துணி தொங்கும். பேட் வேண்டாம் என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.