யார் பேசுகிறார், யார் தலைமை ஏற்கிறார், யாருக்குப் பாராட்டு: கட்டுரைச் சட்டகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்கள் வகுப்பறையில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு இடையிலான வேறுபாடு என்ற கட்டுரைத் தலைப்பை எடுத்தால் சட்டகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. "ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் அடங்கிப் போகிறார்கள்" என்று மையக் கருத்து, அதன் கீழே பேச்சு, தலைமை, பாராட்டு என்று மூன்று பத்திகள். மூன்றிலும் அதே குறையைத் திருப்பித் திருப்பிச் சொல்வதுதான் முதல் தவறு. இந்த மூன்றும் ஒரே திசையில் போவதில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளையே பாருங்கள். வகுப்புத் தலைவி பெண் பிள்ளையாக இருப்பது சாதாரணம். மதிப்பெண்ணிலும் பெண் பிள்ளைகள் முந்துகிறார்கள். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகளே அதிகம். இதை எழுதாமல் விட்டால், படிப்பவர் முதல் பத்தியிலேயே "அப்போ பிரச்சினை எங்கே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சட்டகத்தின் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள். தேர்வுத் தாளில் எழுதுவது வேறு, முப்பது பேர் முன்னால் வாய் திறப்பது வேறு. தலைமையிலும் பதவியை மட்டும் பார்க்காமல், அந்தப் பதவியில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். தலைவி நோட்டுப் புத்தகங்களைச் சேர்க்கிறாள், பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதுகிறாள். குழு வேலையில் எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் யார்? முன்னால் போய்ப் படைப்பவர் யார்? சான்று கிடைக்கும் இடம் அதுதான்.

அடுத்து, எண்ணுவதில் வரும் தவறு. ஒரு வகுப்பில் 14 பெண்கள், 10 ஆண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட நேரத்தில் 30 முறை மாணவர்கள் பேசினார்கள், ஆண்கள் 15, பெண்கள் 15. "சமம்" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் தலைக்குப் பார்த்தால் ஓர் ஆணுக்கு 1.5 முறை, ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 1.1 முறை. சரி, ஆண்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று முடித்துவிடலாமா? அந்த 15-இல் 11 முறை பேசியவர்கள் இரண்டே பையன்கள் என்றால், மீதி எட்டுப் பேருக்கும் சேர்த்து 4 முறைதான். அந்த எட்டுப் பேரும் பெண்களைவிட ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்கள்! "ஆண்கள்" என்று மொத்தமாக எழுதினால் இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால் பெயருக்குப் பெயர் கோடு போட்டு எண்ணுங்கள். ஆசிரியர் அழைத்துப் பேசியதா, கை தூக்கியதா, அழைக்காமலே குரல் கொடுத்ததா என்பதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாராட்டுப் பத்தியில்தான் நல்ல கட்டுரையும் சறுக்குகிறது. யாருக்கு எத்தனை பாராட்டு என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எதற்காகப் பாராட்டு, எதற்காகத் திட்டு என்பதே முக்கியம். 1978-இல் உளவியலாளர் கேரல் டுவெக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அமெரிக்க வகுப்பறைகளில் இதைக் கவனித்தார்கள். பையன்களுக்கு விழுந்த திட்டு பெரும்பாலும் நடத்தை, ஒழுங்கின்மை பற்றியது. பெண் பிள்ளைகளுக்கு விழுந்ததோ பெரும்பாலும் விடையில் இருந்த பிழை பற்றியது. பையன் "சேட்டைக்குத்தான் திட்டு" என்று தட்டிவிட்டுப் போகலாம். பெண்ணுக்கு அந்த வழி இல்லை, "எனக்கு வராது" என்று எடுத்துக்கொள்கிறாள். நம் ஊர் நோட்டுகளிலும் தேடிப் பாருங்கள். "அழகான கையெழுத்து" யாருக்கு, "மூளை இருக்கிறது, கவனம்தான் இல்லை" யாருக்கு?

ஆனால் அந்த ஆய்வின் முடிவைச் சுங்கை சிப்புட்டின் முடிவாக எழுதிவிடாதீர்கள். அது வேறு நாடு, வேறு காலம். அங்கே கிடைத்த கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், விடையை இங்கே தேடுங்கள். இன்னொன்று: 2004-இல் ஜோன்ஸ், டிண்டியா என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பையன்களுக்குக் கிடைக்கும் கூடுதல் கவனத்தில் பெரும்பகுதி கண்டிப்புதான் என்று தெரிந்தது. எனவே "கவனம்" என்ற இடத்தில் "பாராட்டு" என்று எழுதினால் அது தவறான செய்தி ஆகிவிடும்.

காரணம் தேடும்போது பழியை ஆசிரியர் தலையில் போட்டுவிடுவது கடைசித் தவறு. "பொம்பளப் பிள்ளை சத்தமா பேசாதே" என்பதைப் பிள்ளை லயத்து வீட்டிலேயே கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறாள். வகுப்பின் வேகமும் அதற்குத் துணை போகிறது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடி காத்திருந்தால் வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். தயங்கி யோசிக்கப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு வினாடி போதாது. ஆக வீட்டில் வந்த பழக்கம், வகுப்பின் வேகம், சக மாணவர் சிரிப்பு என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

இப்போது மையக் கருத்தை இப்படித் திருத்தலாம்: "இந்த வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பும் மதிப்பெண்ணும் கிடைக்கின்றன, ஆனால் அழைக்காமல் பேசும் துணிவும் திறமைக்கான பாராட்டும் சில பையன்களிடம் குவிகின்றன." பத்திகளின் வரிசை: மதிப்பெண் பற்றிய மறுப்பு, பேச்சுக் கணக்கு, தலைமையில் செய்யும் வேலை, பாராட்டின் பொருள், காரணங்கள். உங்கள் எண்ணிக்கை இதற்கு மாறாக வந்தால் மையக் கருத்தை மாற்றுங்கள், எண்ணிக்கையை அல்ல.