தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்கும் மின்னஞ்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொன்ன நாளில் பொருள் வந்து சேராதபோது வாடிக்கையாளருக்கு அனுப்பப்படும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படி இருக்கிறது:

"தாங்கள் ஆர்டர் செய்த இரண்டு அலமாரிகள் கூரியர் நிறுவனத்தின் கவனக்குறைவால் தாமதமாகியுள்ளது. இதனால் உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் நாம் வருந்துகிறோம். பொருட்கள் விரைவில் வந்து சேரும்."

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 'அலமாரிகள்' பன்மை என்பதால் வினை 'தாமதமாகியுள்ளன' என்று முடிய வேண்டும். பேச்சில் அஃறிணைப் பன்மைக்கும் ஒருமை வினையையே பயன்படுத்துவதால் இந்தப் பிழை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். இடையிலுள்ள சொற்களை விட்டுவிட்டு எழுவாயையும் வினையையும் மட்டும் சேர்த்துப் படித்தால் தெரிந்துவிடும். அடுத்து, 'தாங்கள்' என்று தொடங்கிய மின்னஞ்சல் 'உங்களுக்கு' என்று மாறுகிறது. 'நீங்கள்' என்பதே போதிய மரியாதையுள்ள சொல் என்பதால், அதையே கடைசிவரை பயன்படுத்துவது நல்லது. மூன்றாவது பிழைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளடக்கும் சொல். ஆகவே 'நாம் வருந்துகிறோம்' என்றால், காத்திருந்து ஏமாந்த வாடிக்கையாளரும் மன்னிப்புக் கேட்பவர்களில் ஒருவராகிவிடுகிறார். இங்கே 'நாங்கள்' என்றே எழுத வேண்டும்.

இவற்றையெல்லாம் திருத்திய பிறகும் தொனி சரியாகிவிடாது. 'சிரமம் ஏற்பட்டிருந்தால்' என்னும் நிபந்தனை, சிரமம் ஏற்பட்டதா என்றே சந்தேகிக்கிறது. வாக்களித்த நாள் கடந்துவிட்ட பிறகு அந்தச் சந்தேகத்திற்கு இடமில்லை. முதல் வாக்கியத்தில் அலமாரி இருக்கிறது, கூரியர் இருக்கிறது, வாக்களித்த நிறுவனம் மட்டும் இல்லை. வாடிக்கையாளர் பணம் கொடுத்தது உங்களிடம். கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான். காரணத்தைச் சொல்லலாம், ஆனால் மன்னிப்புக் கேட்ட பிறகு, பழியாக அல்லாமல் தகவலாகச் சொல்ல வேண்டும். 'விரைவில்' என்பதற்குப் பதிலாகத் தேதி வேண்டும்.

திருத்திய வடிவம் இது:

"நீங்கள் ஆர்டர் செய்த இரண்டு அலமாரிகளையும் ஜூன் 10ஆம் தேதிக்குள் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தோம், சொன்னபடி சேர்க்கவில்லை. உங்களைக் காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். கூரியர் மையத்தில் தேங்கியிருந்த அலமாரிகள் இன்று அங்கிருந்து புறப்பட்டுவிட்டன; 16ஆம் தேதி உங்களிடம் வந்து சேரும். அந்த நாள் உங்களுக்கு வசதிப்படாவிட்டால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம்."

தேதி உறுதியாகத் தெரியாத நிலையில், உத்தேசமாக ஒரு நாளைக் குறிப்பிட்டுவிட்டு அதையும் தவறவிட்டால், இரண்டாவது மன்னிப்பை வாடிக்கையாளர் நம்பமாட்டார். அப்போது, "12ஆம் தேதி மாலைக்குள் நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்கிறோம்" என்று உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கை மட்டும் எழுதி, அன்று புதிய தகவல் எதுவும் கிடைக்காவிட்டாலும் அதையே தெரிவித்து மறவாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள்.