கோரைப்பாய் விரிய இடம் இருக்கிறதா? பாரிஸில் ஒற்றை அறை எடுப்பவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பாரிஸுக்குக் கிளம்புகிற பிள்ளைகள் போகிற முன் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டுப் போவார்கள். பாரிஸ் புறநகரில் பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் நினைப்பு இருந்தது. போன ஆண்டு என் அக்கா மகன் என் பேச்சைக் கேட்டு மூன்று வாரம் தூக்கத்தையும் நூற்றிருபது யூரோவையும் தொலைத்த பிறகு அந்த நினைப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

அரசாங்கச் சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே வாடகைக்கு விடும் வீட்டின் முதன்மை அறை 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் கூரை 2.20 மீட்டர் உயரமாகவும் இருக்க வேண்டும், அல்லது மொத்தக் கன அளவு 20 கன மீட்டராவது இருக்க வேண்டும். சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைதான் முன்பணம், சாமானோடு கொடுத்தால் இரண்டு மாதம் வரை கேட்கலாம். குடியேறும் நாளில் சுவரில் உள்ள கீறல் வரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு கட்டாயம். வாடகை உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். இவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த அறைக்குள் சாமானை எங்கே போடுவது என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. படம் எடுத்து ஊருக்கு அனுப்பி, "எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டு முடிவு செய்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அக்கா மகன் எடுத்த அறை 2.70 மீட்டர் அகலம், 3.90 மீட்டர் நீளம். 2.70 மீட்டர் சுவர் ஒன்றின் இடது ஓரத்தில் கதவு, எதிர்ச்சுவரின் நடுவில் சன்னல், சன்னலுக்குக் கீழே சூடேற்றி. சாமான் மூன்றே: 60 சென்டிமீட்டர் ஆழமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள துணி அலமாரி, 50 சென்டிமீட்டர் ஆழமுள்ள சிறு மேசை, யாரோ வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போன மடிப்பு சோபா. அங்கே மடிப்பு சோபாவில் இரண்டு சாதி உண்டு. கிளிக்-கிளாக் என்பது சாய்வைத் தட்டினால் படுத்துக்கொள்ளும், கொஞ்சம்தான் முன்னால் வரும். பே-செட் என்பது ஆர்மோனியத் துருத்திபோல் மூன்றாக மடிந்திருக்கும். பகலில் 95 சென்டிமீட்டர், இரவில் இழுத்து விரித்தால் சுவரிலிருந்து இரண்டு மீட்டர். இவன் வாங்கியது பே-செட்.

சாமானை மூன்று விதமாகப் போட்டு மூன்று படம் அனுப்பினான். முதலாவதில் வலது நெடுஞ்சுவரில் சோபா, எதிரே இடது சுவரில் அலமாரி, சன்னலடியில் மேசை. இரண்டாவதில் சோபா சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் அறை பாதி காலியாகத் தெரிந்தது: வலப்பக்க மூலையில் அலமாரி நெட்டையாக நின்றது, இடப்பக்கம் மேசை, சோபா எங்கே என்றே தெரியவில்லை. அது கதவை ஒட்டிய சுவரிலேயே முதுகு சாய்த்திருந்ததால், வாசலில் நின்று எடுத்த படத்தில் விழவில்லை.

திண்ணையில் போன் கைமாறியது. இரண்டாவதை நானே தள்ளிவிட்டேன், அது சரியான தீர்ப்புதான். பிரான்ஸில் சன்னல் கதவு உள்பக்கமாகத் திறக்கும், நம் ஊர்ப் புதிய வீடுகளைப்போல் கம்பிக்கு வெளியே அல்ல. சோபாவின்மேல் முழந்தாளிட்டுத்தான் பிடியைத் தொட முடியும், சூடேற்றியின் வெப்பமும் சோபாவின் முதுகுக்குத்தான் போகும். மூன்றாவது ஒருபக்கம் சரிந்த படகுபோல் இருக்கிறது என்றாள் அக்கா. முதலாவதில் அறை கோயில் பிரகாரம்போல் விரிந்து கிடந்தது, இரண்டு பக்கமும் சாமான், நடுவில் அகலமான பாதை. "இதுதான்" என்றேன். அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தப் பாயை எங்கே விரிப்பான்?"

விமானத்தில் எடை அதிகம் என்று நாங்கள் தடுத்தும், பேரனுக்குக் கயிறு கட்டிக் கோரைப்பாய் ஒன்றைக் கொடுத்தனுப்பியவர் அவர். சோபா இருக்கும்போது பாய் எதற்கு என்று நான் சிரித்தேன்.

அன்றிரவே அவன் சோபாவை இழுத்து விரித்திருக்கிறான். அறை அகலம் 270. சோபா 200, அலமாரி 60. மிச்சம் 10 சென்டிமீட்டர், ஒரு கையின் அகலம். அலமாரிக் கதவு திறக்கவில்லை. கழிப்பறைக்குப் படுக்கையின்மேல் ஏறி நடந்து போனான். "மாமா, இந்த அறையில் அலமாரிக்கு இடமில்லை" என்று எழுதினான். நானும் ஆமாம் என்றேன். 120 யூரோ கொடுத்து வாங்கியதை அதே மாடிப்படியில் ஒருவருக்கு 30 யூரோவுக்குக் கொடுத்துவிட்டான். துணி மூன்று வாரம் பெட்டியிலேயே கிடந்தது.

கணக்கு இவ்வளவு எளிது, படத்தில் ஏன் தெரியவில்லை? இரண்டு காரணம். படத்தில் சோபா மடிந்திருந்தது என்பது ஒன்று, அது என் மடத்தனம். மற்றது, முதல் படத்தை மட்டும் அவன் போனில் 0.5x என்பதைத் தொட்டு எடுத்திருந்தான், மற்ற இரண்டும் 1x. அகலக்கோண வில்லை பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைத் துரத்தும். காலடியில் உள்ள தரைதான் படத்தில் அதிகம் ஊதிப்போகும். சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே உண்மையில் இருந்தது 115 சென்டிமீட்டர். எங்கள் கண்ணுக்கு அது இரண்டு மீட்டராகத் தெரிந்தது. வீட்டுத் தரகர்கள் போடும் படங்களிலும் இதே வேலை நடக்கும், அறையைப் பார்க்கப் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு: ஓரத்தில் இருக்கும் வட்டத் தட்டு முட்டைபோல் இழுபட்டிருக்கும், கதவுநிலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்.

தப்பிக்க வழி தரையிலேயே இருக்கிறது. அவன் அறைத் தரை மரப்பலகை, ஒவ்வொரு பலகையும் 20 சென்டிமீட்டர் அகலம், கதவிலிருந்து சன்னலை நோக்கி ஓடுகிறது. வில்லை எப்படி ஏமாற்றினாலும் பலகையின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. ஒருவர் இடிக்காமல் நடக்க 60 சென்டிமீட்டர், அதாவது மூன்று பலகை வேண்டும். கையில் வாளியோ பெட்டியோ இருந்தால் நாலரை, அதாவது 90. சோபாவை விரித்துப் படம் எடுத்து எண்ணியிருந்தால் முதல் ஏற்பாட்டில் அரைப் பலகைதான் தேறியிருக்கும். ஒரு சாதாரணக் கோரைப்பாயின் அகலமும் ஏறக்குறைய மூன்று அடி, அதே நாலரைப் பலகை. அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். தரையில் இரண்டு இடத்தில் ஒட்டுநாடா ஒட்டச் சொன்னேன், ஒன்று வாசலில், மற்றது சன்னலடியில். இரண்டிலும் போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து 1x-இல் மட்டும் எடுக்க வேண்டும். கையைத் தூக்கி மேலிருந்து எடுத்தால் தரை அதிகம் தெரியும், அதுவும் ஏமாற்றுதான். சோபா மடித்து ஒரு முறை, விரித்து ஒரு முறை. ஆக ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் நான்கு படம், எல்லாம் ஒரே பொழுதில், விளக்கைப் போட்டோ அணைத்தோ ஒரே மாதிரி. காலை வெளிச்சத்தில் எடுத்த அறையும் இரவில் எடுத்த அறையும் ஒன்றோடொன்று போட்டிபோட முடியாது. நடைவழியில் பாயையும் விரித்து வைக்கச் சொன்னேன். விற்றுவிட்ட அலமாரிக்குப் பதிலாக அதே அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டான்.

சரிந்த படகு என்று ஒதுக்கிய மூன்றாவது ஏற்பாடு அப்போது வேறு முகம் காட்டியது. கதவுச் சுவரில் முதுகு வைத்த சோபாவை விரித்தால் அது அறையின் நீளவாக்கில் போகிறது. அகலத்தில் 140 மட்டுமே எடுத்துக்கொள்கிறது, பக்கத்தில் 130, ஆறரைப் பலகை மிச்சம். பாய் விரிந்து கிடந்தது, அதன் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு வைக்கவும் இடமிருந்தது. அலமாரிக்குப் பதில் அடுக்கிய பெட்டிகள் சன்னலின் வலது கதவைத் தொடாமல் மூலையில் நின்றன, மேசையும் இடது கதவைத் தடுக்கவில்லை. சன்னலடியிலிருந்து எடுத்த படத்தில்தான் சோபா முதல் முறையாகத் தெரிந்தது.

அழகுக்காகப் பார்க்கும்போது படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கையை நீட்டிப் பிடித்துக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கறுப்பு எந்தப் பக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம்தான் கனம். வாசல் படத்தில் அலமாரி வலப்பக்கம் இழுத்தது உண்மைதான், அக்கா சொன்னது பொய்யல்ல. ஆனால் அதைச் சரிசெய்வது சுலபம். மேசைக்கு மேல் இடது சுவரில் அலமாரியின் முக்கால் உயரத்துக்கு வருமாறு அடர்நிறத் துணி ஒன்றைத் தொங்கவிட்டான், பக்கத்தில் நெட்டை விளக்கு. கனம் இரண்டு பக்கமும் பங்கிட்டுக்கொண்டது. பார்வைக் குறையை ஒரு துணியால் மூடிவிடலாம், நடைவழியில் குறைகிற அரை அடியை எதை மாட்டியும் வரவழைக்க முடியாது. அதனால் பலகையை முதலில் எண்ணுங்கள், கண்ணை அப்புறம் சுருக்குங்கள்.

இன்னொன்று. இணையவழிக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தர உங்களுக்கு உரிமை இருக்கிறது, கடைக்குப் போய் வாங்கினாலோ தனியாளிடம் வாங்கினாலோ அந்த உரிமை இல்லை. மடிப்பு சோபாவை வாங்கும் முன் விரித்த நீளத்தை அளந்து, அந்த அளவுக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் போட்டுப் படம் எடுங்கள்.

அலமாரியைத் திரும்ப வாங்க 150 யூரோ ஆனது, பழையதைவிட மட்டமான சரக்கு. பாதிப் பணம் நான் அனுப்பினேன். கடைசிப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். பாயைப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு சன்னல் எந்தத் திசை என்று கேட்டார். தெற்கு என்றேன். "அப்படியானால் வடக்கே தலை வைத்தா படுக்கிறான்?" அவனுக்குப் போன் போட்டேன். தலையணையை அன்றிரவே சன்னல் பக்கம் மாற்றிவிட்டான், சோபாவை யாரும் அசைக்கவில்லை.